நாலு வரியில் ஒரு கையளிப்பு: கழக அணி முகாமையாளர் மாறியபோது விடுபட்டவை

வலிகாமத்தில் ஒரு கிராமத்து உதைபந்தாட்டக் கழகம். ஜனவரி மாத ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அணி முகாமையாளர் மாறினார். நாலு வருடம் பொறுப்பில் இருந்தவருக்கு வவுனியாவுக்கு வேலை மாற்றம் வந்துவிட்டது. அதே அணியில் விளையாடிய ஒரு இளைஞர் அந்த இடத்துக்குத் தெரிவானார். கூட்டம் முடிந்த கையோடு பழையவர் ஒரு கொப்பித் தாளை நீட்டினார். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"வீரர் பதிவு பெப்ரவரி கடைசியில் முடியும். ஜேர்சி இரண்டு செட் இருக்கு. வங்கியில் 57,000 ரூபா இருக்கு. முக்கியமான ஆக்களின்ர நம்பர் கீழே."

கீழே பதினொரு தொலைபேசி இலக்கங்கள்.

இந்த நாலு வரியிலும் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் இவற்றை நம்பி வேலையைத் தொடங்கிய புதியவர் பெப்ரவரி முடிவதற்குள் ஒரு வீரரைப் பதிவு செய்ய முடியாமல் இழந்தார். கையிருப்பையும் பிழையாகக் கணக்கிட்டு, கழகத்தைக் கடனில் விடும் நிலைக்குக் கிட்டப் போனார். பிறகு இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சனசமூக நிலையத்தில் இருந்து அந்தத் தாளை வரி வரியாகப் பிரித்துத் திரும்ப எழுதினார்கள். ஒவ்வொரு வரிக்குள்ளும் என்ன ஒளிந்திருந்தது என்பதே இந்த ஆய்வு.

"பதிவு பெப்ரவரி கடைசியில் முடியும்"

முடிவுத் திகதியை மட்டும் எழுதிவிட்டால், வேலையை எப்போது தொடங்கவேண்டும் என்பது வாசிப்பவருக்குத் தெரியாது. பழையவர் தொடங்கும் நாளை மனதில் வைத்திருந்தார். தாளில் வந்தது முடியும் நாள் மட்டும். புதியவர் பெப்ரவரி நடுப்பகுதியில் படிவங்களைக் கையில் எடுத்தார். கையில் இரண்டு கிழமை இருக்கிறதே என்று நினைத்தார்.

பதிவு செய்யவேண்டியவர்கள் 24 பேர். அவர்களில் 17 பேர் போன வருடமும் ஆடியவர்கள். அவர்களின் பழைய விவரத்தைச் சரிபார்த்துக் கையொப்பம் வாங்கினால் போதும். மிச்சம் ஏழு பேர் புதியவர்கள். அவர்களில் ஐந்து பேர் எந்தக் கழகத்திலும் பதிவில் இல்லாத இளையவர்கள். இரண்டு பேர் வேறு கழகங்களிலிருந்து வருபவர்கள், அவர்களுக்கு முந்திய கழகத்தின் விலகல் கடிதம் வேண்டும்.

சிக்கல் அந்தக் கடிதத்தில்தான் வந்தது. ஒரு கழகத்தின் செயலாளர் வீட்டுக்குப் போனதும் கையெழுத்து வைத்துத் தந்துவிட்டார். மற்றக் கழகம் அப்படியில்லை. அங்கே வீரரை விடுவதை நிர்வாகசபை தீர்மானிக்கும். அந்தச் சபை மாதத்தில் முதல் ஞாயிறு மட்டும் கூடும். பெப்ரவரி நடுவில் கொடுத்த கோரிக்கை மார்ச் முதல் ஞாயிறுதான் எடுக்கப்படும். அதற்குள் பதிவு மூடிவிடும். பழையவருக்கு இது தெரியும். அந்தக் கழகத்திலிருந்து முந்தி இரண்டு பேரை எடுத்திருந்ததால், ஜனவரி கடைசிக் கிழமைக்குள் கடிதம் போய்விட வேண்டும் என்று அவர் கணக்கு வைத்திருந்தார். ஆனால் தாளில் அதை எழுதவில்லை. புதியவர் அழைத்துக் கேட்டபோது வந்த பதில்: "அதை நான் சொல்லேல்லையே தம்பி? அவை மாசத்தில ஒருக்காத்தான் கூடுவினம்." அந்த வீரர் முதற்சுற்று முழுவதும் வெளியே இருந்தார்.

திரும்ப எழுதிய குறிப்பில் பதிவுக்கு இப்போது ஒரே ஒரு திகதி இல்லை. பின்னாலிருந்து எண்ணிய வரிசை இருக்கிறது. முடிவு நாளுக்கு ஐந்து கிழமை முன்னே விலகல் கடிதக் கோரிக்கைகள் கையில் கொடுத்துப் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம் வாங்கியாக வேண்டும். மூன்று கிழமை முன்னே புதியவர்களின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதிகள், புகைப்படங்கள் பைலில் சேரவேண்டும். பத்து நாள் முன்னே எல்லாப் படிவமும் நிரப்பிச் செயலாளரின் ஒப்பமும் கழக முத்திரையும் பெறவேண்டும். பணம் வங்கியில் வைப்பிலிட்டால் அந்தச் சீட்டையும் படிவங்களோடு இணைக்கவேண்டும். அதனால் கடைசி நாள் சனிக்கிழமையிலோ போயா விடுமுறையிலோ விழுகிறதா என்று நாட்காட்டியைப் பார்க்கவேண்டும். போயா நாளில் வங்கி பூட்டு. பெப்ரவரியில் 4ஆம் திகதி சுதந்திர தின விடுமுறையும், பெரும்பாலும் சிவராத்திரியும் சேர்ந்து வரும். ஆக எண்ணுவதற்கு இருக்கும் வேலைநாள் தாளில் தெரிவதைவிடக் குறைவு.

இன்னொன்றையும் அந்த ஞாயிறு சேர்த்தார்கள். போன வருடத் திகதியை இந்த வருடத் திகதி என்று எழுதக்கூடாது. லீக் ஒவ்வொரு பருவத்துக்கும் சுற்றுநிருபம் அனுப்பும். திகதி, கட்டணம், புகைப்படத்தின் எண்ணிக்கை எல்லாம் அதில் மாறலாம். ஆகவே குறிப்பில் "போன பருவம் பெப்ரவரி கடைசி. இந்தப் பருவத்துக்குச் சுற்றுநிருபம் வந்ததும் இங்கே எழுதுக" என்று ஒரு வெற்றுக்கோடு விடப்பட்டது. சுற்றுநிருபம் செயலாளரின் முகவரிக்குத்தான் வரும், முகாமையாளருக்கு வராது. எனவே ஜனவரி முதற்கிழமையில் செயலாளரைக் கேட்பதும் முகாமையாளரின் வேலை.

பதிவுப் படிவம் திரும்பி வருவதற்கு அதிகம் காரணமாவது பெயரும் பிறந்த திகதியும். கஜன் என்ற பெயர் அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் கே எழுத்தில் தொடங்கியிருக்கும், வீரர் படிவத்தில் ஜீ எழுத்தில் எழுதிவைப்பார். தகப்பன் பெயரை முன்னே வைப்பதா, முதலெழுத்தாகச் சுருக்குவதா என்பதிலும் ஒரே ஆளின் மூன்று ஆவணம் மூன்று விதமாக இருக்கும். வீரரிடம் கேட்டு எழுதாமல், அட்டையைக் கையில் வைத்துப் பார்த்து எழுதினால் இது வராது.

20 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆள் பார்க்கும்போது அடையாள அட்டை இலக்கத்தையே வைத்து வயதைச் சரிபார்க்கலாம். புதிய பன்னிரண்டு இலக்க எண்ணில் முதல் நாலு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று இலக்கம் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு இந்த மூன்று இலக்கத்தோடு 500 கூட்டியிருக்கும். இங்கே ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. எல்லா வருடத்திலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று வைத்தே இந்த எண் போடப்படுகிறது. 2005 மார்ச் 1 பிறந்த ஒருவருக்கு நாட்காட்டிப்படி எண்ணினால் 60 வரும், அட்டையில் 061 இருக்கும். எனவே அவருடைய எண் 2005061 என்று தொடங்கும். இது தெரியாதவர் ஒரு நாள் வித்தியாசத்தைக் கண்டு அட்டை பிழை என்று நினைத்துவிடுவார். அட்டை சரிதான். பழைய ஒன்பது இலக்க அட்டையில் வருடம் இரண்டு இலக்கமாக இருக்கும், மிச்சக் கணக்கு ஒன்றே.

"ஜேர்சி இரண்டு செட் இருக்கு"

சனசமூக நிலையத்து அலுமாரியைத் திறந்து, இரண்டு செட்டையும் நிலத்தில் இலக்க வரிசையில் விரித்தார்கள். அடுக்கில் வைத்து எண்ணுவதைவிட விரித்து எண்ணுவது நல்லது. இடைவெளி கண்ணில் படும். நீலச் செட்டில் இருபதில் 18 இருந்தது. 7ஆம் 14ஆம் இலக்கங்கள் இல்லை. வெள்ளைச் செட்டில் 16தான் இருந்தது, அதிலும் மூன்றில் முதுகு இலக்கம் உரிந்து பாதி போயிருந்தது. ஆக வெள்ளையில் அணியக்கூடியது 13. போட்டிக்கு 18 பேரைக் கொண்டுபோகும் அணிக்கு எதிரணி நீலத்தில் வந்தால் மாற்று ஆட்டக்காரர் ஐந்து பேருக்குச் சேட் இல்லை. "இரண்டு செட்" என்று எழுதியது உண்மையில் ஒரு செட்டும் ஒரு குறைச் செட்டும்.

கோல்காப்பாளர் சேட் இரண்டில் ஒன்று பச்சை, மற்றது பழைய நீலம். உதைபந்தாட்ட விதிப்படி கோல்காப்பாளரின் நிறம் தன் அணியினரிலும் எதிரணியினரிலும் மத்தியஸ்தரிலும் இருந்து வேறுபட வேண்டும். அணி நீலத்தில் ஆடும் நாளில் அந்த நீலச் சேட் பயன்படாது. அன்றைக்கு எதிரணி பச்சையில் வந்தால் இரண்டுமே பயன்படாது. மஞ்சளில் ஒன்று தைப்பது அந்த ஞாயிற்றுக்கிழமையே தீர்மானமானது.

இலக்கம் உரிந்ததற்குக் காரணம் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. அவை சூட்டில் அழுத்தி ஒட்டிய இலக்கங்கள். கழுவிய பிறகு மதிய வெயிலில் வெளிப்பக்கமாகக் காயவிட்டு, சிலர் ஸ்திரிக்கையும் போட்டிருந்தார்கள். ஒட்டிய இலக்கத்துக்கு நேரடிச் சூடு ஆகாது. உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் காயவிடவேண்டும். துணியிலேயே சாயமேற்றிய நீலச் செட்டில் இந்தப் பிரச்சினை வராது, அதில் உரிய எதுவுமில்லை. வெள்ளைச் செட்டுக்கு இன்னொரு வில்லங்கம் வலிகாமத்துச் செம்மண். மழைக்குப் பிறகு ஆடிய சொக்ஸை அன்றைக்கே ஊறப்போடாவிட்டால் கறை நிற்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைத் தண்ணீர், கடுமையானது. சோப்பு நுரைக்காது, மேலே வெண்படலம் விடும். முதலில் சோப்பில்லாமல் மண் போகும்வரை அலசி, பிறகு சலவைத்தூள் தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவிட்டால் பெரும்பாலும் போகும். இதைக் குறிப்பில் எழுதியதில் தவறில்லை. கழுவுகிறவர் யார் என்பதையும் எழுதினார்கள், ஏனென்றால் இதுவரை அது பழையவரின் வீட்டில்தான் நடந்தது.

பந்துப் பையில் ஒன்பது பந்து இருந்தது. எத்தனை நல்லது என்று பார்க்க, ஒன்பதுக்கும் காற்றடித்து ஓர் இரவு விட்டார்கள். ஐந்தாம் அளவுப் பந்துக்கு விதி தரும் அழுத்தம் 0.6 இலிருந்து 1.1 வளிமண்டல அழுத்தம் வரை. பம்பின் மானியில் அது 8.5 இலிருந்து 15.6 பிஎஸ்ஐ. பன்னிரண்டில் நிறுத்தினார்கள். காலையில் ஐந்து பந்து அப்படியே நின்றது, நாலு தொய்ந்திருந்தது. தொய்ந்தவற்றை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தால் காரணம் தெரியும். குமிழி வால்வில் வந்தால் பந்து தப்பும். ஊசியில் ஒரு சொட்டு கிளிசரின் விட்டு நாலைந்து தரம் நுழைத்தெடுத்தால் வால்வின் றப்பர் இளகி மூடிக்கொள்ளும். இரண்டு பந்து அப்படி மீண்டது. மற்ற இரண்டில் குமிழி தையலோரம் வந்தது. மைதானத்தின் வடக்குக் கோடியில் நெருஞ்சி படர்ந்திருக்கிறது, முள் உள்ளே இருக்கும் பிளாடர்வரை போய்விட்டது. அவை சுவரில் அடித்துப் பழகத்தான் உதவும். காய்ந்த ஊசியை வால்வில் திணிப்பதுதான் வால்வு கெடுவதன் பெரிய காரணம் என்பதால், ஊசியை நனைத்துவிட்டுக் குத்துங்கள் என்று பம்பிலேயே ஒரு துண்டு ஒட்டினார்கள்.

உபகரணப் பக்கத்தில் கடைசியாக ஒரு நிரல் சேர்ந்தது: எது யாரிடம். அலுமாரிச் சாவி இரண்டு, ஒன்று நூலகரிடம். கோல் வலை இரண்டும் பள்ளிக்கூடத்துக் காவலாளியின் அறையில். முதலுதவிப் பெட்டி பயிற்றுநரின் மோட்டார் சைக்கிளில். இல்லாத 7ஆம் இலக்கச் சேட் பிரான்சுக்குப் போன ஒரு வீரரோடு போயிருக்கிறது. அதைத் தேடவேண்டாம், புதிதாக அடிக்கவேண்டும் என்று எழுதினார்கள். 14ஆவது ஊரில்தான் இருக்கிறது.

"வங்கியில் 57,000 ரூபா இருக்கு"

அதிக ஆபத்தான வரி இதுதான், ஏனென்றால் வங்கிப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் அது அப்படியே இருக்கும். புதியவர் அதைப் பார்த்து, ஒன்று 5,500 ரூபா வீதம் ஆறு பந்து, அதாவது 33,000 ரூபாவுக்கு வாங்க நினைத்திருந்தார். அதற்குள் அந்த ஞாயிறு வந்தது நல்லதாய்ப் போயிற்று.

கணக்கை இப்படி எடுத்தார்கள். வங்கியில் 57,000. தகரப்பெட்டியில் காசாக 4,400. கூட்டினால் 61,400. ஆனால் நவம்பரில் மைதானம் துப்புரவாக்கியவருக்கு எழுதிய 8,000 ரூபாக் காசோலை இன்னும் வங்கிக்கு வரவில்லை. கழகத்தின் காசுப்புத்தகத்தில் அது கழிக்கப்பட்டிருக்கிறது, வங்கிப் புத்தகத்தில் கழிக்கப்படவில்லை. எனவே உண்மையில் கையில் 53,400. நீலச் செட் அடித்த கடைக்கு 44,000இல் 26,000 முற்பணம் போயிருக்கிறது, 18,000 மிச்சம் கொடுக்கவேண்டும். அதைக் கழித்தால் 35,400. மார்ச் முடிவதற்குள் இணைப்புக் கட்டணமும் பதிவும் போன வருடப் பற்றுச்சீட்டுகளின்படி 15,500. வெளி மைதானத்துக்கு இரண்டு தரம் வான் எடுக்க 13,000. இவையும் போனால் எஞ்சுவது 6,900 ரூபா. ஆறு பந்து வாங்கியிருந்தால், கடைக்காரருக்குக் கொடுத்த பிறகு 2,400 ரூபாதான் மிஞ்சியிருக்கும், பதிவுப் பணம் கட்ட வழியில்லை.

வராத காசோலைக்கு ஒரு திகதியும் எழுதினார்கள். காசோலை ஆறு மாதத்தில் காலாவதியாகும். நவம்பர்க் காசோலை மே மாதத்தில் செல்லாது. அந்த மனிதர் அதைத் தொலைத்துவிட்டாரா என்று ஏப்ரலுக்குள் கேட்பது நல்லது. மே மாதத்தில் அவர் வந்து புதிய காசோலை கேட்டால் 8,000 எடுத்துவைக்கப்பட்டிருக்க வேண்டும்.

சந்தாவின் நிலைமையும் இதேபோலத்தான். மாதம் 300 ரூபா. நிலுவை 11,700 என்று கொப்பி காட்டியது. பெயர் பெயராகப் பார்த்தபோது அதில் 3,600 வெளிநாடு போய்விட்ட அந்த 7ஆம் இலக்க வீரருடையது, ஒரு வருட நிலுவை. அது வராது. நிர்வாகசபைக்குச் சொல்லித் தள்ளுபடி செய்துவிட்டு, 8,100ஐ மட்டும் வரவேண்டியதாக எடுத்தார்கள். வராத காசை வரும் என்று எழுதிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு வருடமும் கையளிப்புத் தாள் பொய்யாகிக்கொண்டே போகும். நிலுவை உள்ள மற்ற ஐந்து பேருக்கும் பழையவர் சொன்ன தவணைகளையும் பக்கத்தில் எழுதினார்கள். ஒருவருக்குப் பழையவர் "வேலை கிடைச்சாப் பிறகு தாரும்" என்று சொல்லியிருந்தார். அது எழுதாமல் விட்டால் புதியவர் போய்க் கேட்பார், அவர் மனம் நோகும்.

இன்னொரு 10,000 ரூபா எந்தப் புத்தகத்திலும் இல்லை. போன பருவம் ஒரு மின்னொளிச் சுற்றுப்போட்டிக்குக் கட்டிய மீளப்பெறும் கட்டுப்பணம் அது. அணி இடையில் விலகாமல் ஆடி முடித்தால் திருப்பித் தருவார்கள், ஆனால் மூலப் பற்றுச்சீட்டு வேண்டும். அது பழையவரின் பெயரில் எழுதப்பட்டு அவருடைய பணப்பையில் இருந்தது. வவுனியாவுக்குப் போயிருந்தால் அந்தச் சீட்டும் போயிருக்கும். கட்டுப்பணச் சீட்டுகளைக் கழகத்தின் பெயரில் எழுதச் சொல்லி வாங்குவது என்று அன்றைக்கே முடிவானது.

வங்கிக் கையொப்பம் இதில் கடைசி. கணக்கு இரண்டு கையொப்பத்தில் ஓடுகிறது. பழையவர் அதில் ஒருவர். கையொப்பம் மாற்ற, புதியவரைத் தெரிவு செய்த கூட்ட அறிக்கையின் பிரதி தலைவர், செயலாளர் ஒப்பத்தோடு வேண்டும், புதியவர் அடையாள அட்டையோடு நேரில் போகவேண்டும். அது நடந்து முடியும்வரை பழையவரின் கையெழுத்து இல்லாமல் ஒரு காசோலையும் போகாது. அதனால் அவர் ஊரைவிட்டுப் போகுமுன் பதிவுப் பணத்துக்கான காசோலையில், பெயரும் தொகையும் எழுதி, கையெழுத்து வைத்தார். வெற்றுக் காசோலையில் கையெழுத்து வைத்துக்கொடுக்கும் பழக்கம் பல கழகங்களில் உண்டு. பொருளாளர் அதற்கு மறுத்துவிட்டார், மறுத்தது சரி.

"முக்கியமான ஆக்களின்ர நம்பர்"

பதினொரு இலக்கம் இருந்தது. புதியவர் கேட்டார், "அண்ணை, இந்த ஆளிட்ட எதுக்கு எடுக்கிறது?" மூன்று பேரைப் பற்றி அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓர் இலக்கம் தொடர்பு ஆகவேண்டுமானால் அதோடு இன்னும் மூன்று விடயம் வேண்டும். அவரிடம் எதைக் கேட்பது, எப்போது எடுப்பது, கடைசியாக என்ன பேசி முடித்தோம். மூன்றாவதுதான் பெரும்பாலும் விடுபடும்.

ரொறன்ரோவில் இருக்கும் ஊரவர் ஒருவர் நீலச் செட்டுக்கு முற்பணம் கொடுத்தவர். பழைய தாளில் அவருடைய இலக்கம் மட்டும் இருந்தது. திரும்ப எழுதியதில்: சேட்டின் இடது கையில் அவருடைய தகப்பனாரின் நினைவாகப் பெயர் அடிப்பதாக வாக்குக் கொடுத்தோம், அடித்தாயிற்று. முதல் போட்டியில் அணி அந்தச் சேட்டோடு எடுத்த படத்தை அனுப்புவதாகச் சொன்னோம், இன்னும் அனுப்பவில்லை. யாழ்ப்பாணத்து நேரம் மாலை 7 மணிக்கு எடுத்தால் அங்கே காலை. கோடையில் 9.30, குளிர்காலத்தில் 8.30. மிச்சம் 18,000ஐ அவரிடம் கேட்கக்கூடாது, முழுத்தொகை தருவதாக அவர் சொல்லவில்லை.

மைதானத்துக்கு இரண்டு தொடர்பு. அதிபரிடம் கடிதம் போகவேண்டும், ஆனால் பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டிக்குக் கோடு போடும் நாட்களைச் சொல்லக்கூடியவர் காவலாளிதான். பிரதேச செயலகத்து விளையாட்டு உத்தியோகத்தருக்குக் கழகப் பதிவு விடயம். மத்தியஸ்தர் சங்கத்துச் செயலாளருக்குச் சிநேகபூர்வப் போட்டிக்கு மத்தியஸ்தர் வேண்டுமானால் ஒரு கிழமை முன்னே. வான்காரருக்கு நல்லூர் திருவிழா நடக்கும் 25 நாட்களிலும் வேறு ஓட்டம் இருக்கும், அந்தக் காலத்துக்கு இரண்டாவது வானின் இலக்கம் எழுதப்பட்டது. காயத்துக்கு அம்புலன்ஸ் 1990, எல்லாரின் தொலைபேசியிலும் இருக்கட்டும்.

வட்ஸ்அப் குழுவைப் பற்றி ஒரு வரி. பழையவர் மட்டும்தான் அதன் நிர்வாகி. அவர் அப்படியே வெளியேறினால், வட்ஸ்அப் குழுவில் உள்ள யாரோ ஒருவரைத் தானாகவே நிர்வாகி ஆக்கிவிடும். எனவே முதலில் புதியவரையும் பயிற்றுநரையும் நிர்வாகிகளாக்கிவிட்டு, படிவங்களின் படங்களைத் தரவிறக்கிப் பைலில் வைத்துவிட்டுத்தான் அவர் வெளியேறினார்.

திரும்ப எழுதிய குறிப்பு ஆறு பக்கம் வந்தது. ஒரு பிரதி அலுமாரியில், ஒன்று செயலாளரிடம், ஒன்று புதியவரிடம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டு பேரும் திகதியிட்டு ஒப்பமிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை பழையவர் வவுனியா பஸ்ஸில் ஏறினார். ஏறுமுன் 14ஆம் இலக்கச் சேட் வைத்திருக்கும் வீட்டுக்கு ஒரு அழைப்பு எடுத்தார். ஞாயிறு காலை அது அலுமாரிக்கு வந்து சேர்ந்தது, செம்மண்ணோடு.